பெல்ட்டின் கணக்கும் காற்றின் கணக்கும்

சோப்பு அட்டைப்பெட்டிகள் ஓடும் ஒரு கன்வேயரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டியிலும் தேதி அச்சாகியிருக்கிறதா என்று ஒரு கேமரா பார்க்கிறது. அங்கிருந்து 1.2 மீட்டர் தள்ளி, பெல்ட்டின் ஓரத்தில், காற்றழுத்தத்தில் இயங்கும் புஷர். தேதி இல்லாத பெட்டி எதிரே வரும்போது அது நீண்டு, பெட்டியைப் பக்கத்துத் தொட்டிக்குள் தள்ள வேண்டும். 150 மி.மீ.க்கு ஒன்று என்று வந்தால், கேமராவுக்கும் புஷருக்கும் நடுவே எந்நேரமும் எட்டுப் பெட்டிகள் இருக்கும். கெட்டது எது என்று கேமரா சொல்லிவிட்டது. அந்த எட்டில் அதைத் தொலைக்காமல் கொண்டுபோவதுதான் வேலை.

பெல்ட்டின் வேகம் நொடிக்கு 500 மி.மீ. 1.2 மீட்டரைக் கடக்க 2.4 நொடி. அப்படியானால் ஒரு டைமர் போதாதா? பெல்ட் ஒரே சீராக ஓடும்வரை போதும். அடுத்த மெஷினில் அடைப்பு வந்து பெல்ட் நின்றால் டைமர் நிற்பதில்லை. நேரம் ஆனதும் புஷர் நீளும். எதிரே நிற்கும் நல்ல பெட்டி தொட்டிக்குள் விழும்.

அதனால் நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தை எண்ணுகிறார்கள். 200 மி.மீ. சுற்றளவுள்ள ஒரு சிறு சக்கரம் பெல்ட்டைத் தொட்டபடி உருள்கிறது. அதன் அச்சில் உள்ள என்கோடர் ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ் தரும். ஆக, ஒரு பல்ஸ் என்பது 0.2 மி.மீ. கேமரா அருகே உள்ள ஒரு சென்சாரைப் பெட்டி மறைத்த கணத்தில் பி.எல்.சி. அப்போதைய எண்ணைக் குறித்துக்கொள்கிறது. கேமராவின் முடிவு சற்றுத் தாமதமாக வந்தாலும் அந்த எண்ணோடுதான் சேர்கிறது. அதிலிருந்து 6000 பல்ஸ் கடந்தால், பெட்டியின் நடுப்பகுதி புஷருக்கு நேர் எதிரே. பெல்ட் சாப்பாட்டு இடைவேளை முழுக்க நின்றாலும் எண்ணும் அப்படியே நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 6000 வந்ததும் வால்வைத் திறந்தால் பெட்டியின் நடுப்பகுதி தப்பிவிடும். வால்வு திறந்து, சிலிண்டரில் காற்று நிறைந்து, தட்டு முன்னேறிப் பெட்டியைத் தொட ஏறக்குறைய 60 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பெட்டி 30 மி.மீ. நகர்ந்துவிடும். அது 150 பல்ஸ். எனவே 5850-லேயே ஏவ வேண்டும்.

இந்த 150-ஐ நிரந்தரமாக எழுதி வைக்க முடியாது. பெல்ட் பாதி வேகத்தில் ஓடினாலும் காற்று அதே 60 மில்லி நொடியைத்தான் எடுத்துக்கொள்ளும். பெட்டி நகர்வதோ 15 மி.மீ., அதாவது 75 பல்ஸ்தான். அப்போதும் 5850-ல் ஏவினால் நடுப்பகுதி வந்துசேர 15 மி.மீ. இருக்கும்போதே தட்டு மோதும். அடி பெட்டியின் முன்பாதியில் விழுந்து, பெட்டி திரும்பிக்கொள்ளும். பெல்ட்டின் கணக்கு தூரத்தில், காற்றின் கணக்கு நேரத்தில். இரண்டையும் சேர்த்துவைப்பது அந்தக் கணத்து வேகம்தான். அதையும் அதே பல்ஸ்களிலிருந்தே எடுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் முன்கூட்டலைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

இன்னொரு அழகு, பெல்ட் நிற்கும்போது தெரியும். பக்கத்து மெஷினின் அதிர்வில் என்கோடர் ஒரு கோட்டின் விளிம்பிலேயே முன்னும் பின்னும் ஆடலாம். ஒரே சேனல் இருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முன்னேற்றமாகப் பதிவாகும். நூறு ஆட்டத்தில், நகராத பெல்ட் கணக்கில் 20 மி.மீ. போய்விட்டிருக்கும். அதனால்தான் ஏ, பி என்று இரண்டு சேனல்கள், கால் சுழற்சி இடைவெளியில். எது முந்துகிறது என்பதிலிருந்து திசை தெரியும். முன்னே போனது கூடும், பின்னே வந்தது கழியும், ஆட்டம் தன்னைத்தானே அடித்துவிடும்.

ஆனாலும் என்கோடர் அளப்பது பெல்ட்டைத்தான், பெட்டியை அல்ல. பெட்டி வழுக்கினாலோ, ஒருவர் கையால் நகர்த்தினாலோ அதற்குத் தெரியாது. புஷருக்குச் சற்று முன்னால் இரண்டாவது சென்சார் வைத்து, எதிர்பார்த்த எண்ணுக்கு 50 பல்ஸ் முன்பின்னாகப் பெட்டி வருகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். வராவிட்டால் லைனை நிறுத்திவிடலாம்.

எங்கே பிசகு என்பதைத் தள்ளப்பட்ட பெட்டியே காட்டிக்கொடுக்கும். புஷர் தட்டில் சாக்பீஸ் தேய்த்து, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஓடும்போது தடம் முன்பக்கமும், வேகமாக ஓடும்போது பின்பக்கமும் விழுந்தால், முன்கூட்டல் வேகத்தோடு மாறவில்லை. எல்லா வேகத்திலும் ஒரே அளவு விலகினால் 6000 என்ற தூரம் தப்பு, அல்லது சக்கரம் தேய்ந்து சுற்றளவு குறைந்திருக்கிறது. ஒரு முறை அங்கும் ஒரு முறை இங்குமாக விழுந்தால் பெட்டி வழுக்குகிறதா, காற்றழுத்தம் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்; புரோகிராமில் எண்ணை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.