இந்தி வினை யாரைப் பின்தொடர்கிறது?

ராமன் தின்றான், சீதை தின்றாள் என்று தமிழில் வினை எழுவாயோடு ஒட்டிப் போகிறது. இந்தியிலோ ‘ராம் நே ரோட்டீ காயீ’, ‘சீதா நே ரோட்டீ காயீ’. தின்றவர் யாராயினும் வினை ‘காயீ’தான், ரோட்டீ பெண்பால் சொல். மாம்பழமாகிய ‘ஆம்’ ஆண்பால் என்பதால் சீதை தின்றாலும் ‘சீதா நே ஆம் காயா’ ஆகிவிடும். மொழியியலார் எர்கேட்டிவ் என்று அழைக்கும் அமைப்பு இது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. சமஸ்கிருதத்தின் பழைய இறந்தகால வினைமுற்றுகள் பிராகிருதங்களில் பெரும்பாலும் வழக்கொழிந்தன. அந்த இடத்துக்கு ‘செய்யப்பட்ட’ என்னும் பொருளுடைய ‘-த’ எச்சம் வந்தது. அது இயல்பில் பெயரடை. செய்யப்பட்ட பொருளின் பால், எண்ணை ஏற்கும். செய்தவர் ‘-ஆல்’ வேற்றுமையில் நிற்பார். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கிர்நார் கல்வெட்டில் எழுதுவித்தவன் அசோகன். ஆனால் ‘லேகாபிதா’ என்ற சொல் பெண்பாலில் நிற்கிறது, எழுதப்பட்ட ‘லிபி’ பெண்பால் என்பதால். ‘காயீ’ அந்த எச்சத்தின் வழித்தோன்றல்.

எழுவாய் ஏற்கும் ‘நே’ உருபைப் பற்றிப் பள்ளி இலக்கணம் ‘இறந்தகாலத்தில் நே’ என்று சொல்வது முழு உண்மையல்ல. ‘ராம் ரோட்டீ காத்தா தா’ (தின்பது வழக்கம்) என்பதும் இறந்தகாலமே, அதில் நே இல்லை. ‘காத்தா’ நிகழ்கால எச்சத்திலிருந்து வந்தது. அந்த எச்சம் செய்பவரைச் சார்ந்தது. ‘ராம் நே ரோட்டீ காயீ ஹோகீ’ (தின்றிருப்பான்) என்பதிலோ நே உண்டு. ஆக, நே கேட்பது காலத்தை அல்ல, முற்றுப்பெற்ற செயலைக் குறிக்கும் அந்தப் பழைய எச்சத்தை.

அதற்காக இதைச் செயப்பாட்டு வினை என்று கொள்ளலாகாது. அது ‘ரோட்டீ காயீ கயீ’ என்று தனியாக இருக்கிறது. ‘ராம் நே அப்னீ ரோட்டீ காயீ’ என்னும்போது ‘அப்னீ’ (தன்) ராமனையே சுட்டுகிறது. வடிவம் பழையது, இன்றைய எழுவாய் ராமன்தான்.

‘கோ’ உருபு வந்தால் விதியின் முழு முகமும் தெரியும். ‘சீதா நே லட்கீ கோ தேகா’ (சீதை சிறுமியைப் பார்த்தாள்): இருவரும் பெண்கள், வினை மட்டும் ஆண்பால் ஒருமை. 1920இல் வெளியான காமதா பிரசாத் குருவின் இலக்கணம் இத்தகையவற்றை ‘பாவே பிரயோகம்’ என்று தனியே வகுக்கிறது. வினை தேடுவது உருபேற்காத பெயரை. எழுவாய் நே ஏற்றால் செயப்படுபொருளிடம் போகும். அதுவும் கோ ஏற்றுவிட்டால் யாரையும் சாராமல் ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும்.

செயப்படுபொருள் குன்றாத வினைக்கே நே வரும் என்பது பொது விதி. அதற்கு விலக்குகளும் உண்டு. ‘லானா’ (கொண்டுவருதல்) செயப்படுபொருள் குன்றாதது, ஆனாலும் ‘சீதா ஆம் லாயீ’ என்றே வரும். ‘லே ஆனா’, அதாவது ‘எடுத்து வா’ என்பதன் சுருக்கம் அது. ‘வா’ நே ஏற்பதில்லை. மறுபுறம், செயப்படுபொருளே இல்லாத இருமலுக்கு நே வருகிறது: ‘ராம் நே காம்ஸா’. இதற்கு மேலே சொன்ன வரலாறு போதாது. இந்தி கற்பவர் வினைதோறும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.