"உங்களைச் சொல்லவில்லை" என்ற மன்னிப்பு

வாய் தவறி வந்த இழிசொல்லுக்கு அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்தது, அதற்கு மேலும் கிளறுகிறவர்தான் பிரச்சினைக்காரர் என்ற வாதம் நம் பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் செல்வாக்கோடு இருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

உடனே கேட்பது நல்லதுதான். சொல் விழுந்த அறையிலேயே, அதைக் கேட்ட எல்லோரும் இருக்கும்போதே கேட்கும் மன்னிப்பு, ஒரு வாரம் கழித்து அதிபரின் அறையில் கேட்பதைவிட எவ்வளவோ மேல். சொல்லின் கனம் தெரியாமல் பேசிவிட்ட சிங்கள நண்பர்களையும் நான் இங்கே குறை சொல்லவில்லை. என் ஆட்சேபம் தெரிந்தவர்கள் மீது.

பலாங்கொடைப் பக்கத்துப் பாடசாலையொன்றின் ஆசிரியர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். இடைவேளை நேரம். வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஆசிரியை ஒருவர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். ஒரு கொப்பியைப் பார்த்து, "தோட்டக்காட்டான் எழுத்து" என்று தள்ளிப் போட்டார். எதிரே இருந்த ஆசிரியையின் அம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்கப் போகிறவர். பேச்சு நின்றதும்தான் சொன்னவருக்கு உறைத்தது. "ஐயோ டீச்சர், சொறி, உங்கள சொல்லேல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்ல டீச்சர்" என்று இவரும் சிரித்தார். எல்லோருக்கும் நிம்மதி.

அந்த "உங்கள சொல்லேல்ல" என்ற இடத்தில்தான் மன்னிப்பு கெட்டுப்போகிறது. அப்படியானால் யாரைச் சொன்னார்? கொப்பிக்குரிய பிள்ளையை, அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களை. எதிரே இருப்பவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு, லயத்தில் இருக்கும் மற்ற அத்தனை பேர் மீதும் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவைத்தார். நீங்கள் படித்து உத்தியோகத்துக்கு வந்துவிட்டீர்கள், அவர்களோடு சேர்த்தி இல்லை என்பது அதன் உட்பொருள். அதை ஏற்றுக்கொள்வதென்றால் அந்த மகள் தன் தாயை விட்டுக்கொடுக்க வேண்டும்.

"மனசுல ஒண்ணும் இல்ல" என்பதும் இதே வகைதான். 2020இல் யுவராஜ் சிங், ரோகித் சர்மாவுடன் இன்ஸ்டாகிராம் நேரலையில் பேசும்போது, இன்னொரு வீரரைக் கேலி செய்யத் துப்புரவுத் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதியொன்றின் பெயரை எடுத்தார். எதிர்ப்பு வலுத்த பிறகு, ஜூன் மாதம் வருத்தம் தெரிவித்தார். எந்தப் பாகுபாட்டையும் தான் நம்பியதில்லை, நண்பர்களோடு பேசியது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, தன்னை அறியாமல் யாரையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன் என்பது அதன் சாரம். அவர் நல்லவர் என்பது வந்தது, கேட்டவர்களின் புரிதலில் பிழை என்பது வந்தது. ஒரு சாதியின் பெயரைத் தான் வசவாக்கினேன் என்பது மட்டும் வரவில்லை. அந்த மன்னிப்பு எடுபடாமல் வழக்கு வரை போனதில் எனக்கு வியப்பில்லை.

தவறி வந்தது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் தவறி வருவதற்கும் அந்தச் சொல் ஏற்கெனவே வாயில் பழகியிருக்க வேண்டுமே. வீட்டில், ஊரில், தம் ஆட்கள் மட்டும் கூடியிருக்கும் இடத்தில் பலமுறை சொல்லாத வார்த்தை, கொப்பி திருத்தும் நேரத்தில் தானாக வராது. ஆகவே "தவறி வந்துவிட்டது" என்பது என் கணக்கில் சமாதானமே இல்லை, வாக்குமூலம். அதை வாக்குமூலமாகவே சொல்லும்போதுதான் நம்ப முடிகிறது: "அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக்கூடாது. அந்தப் பிள்ளையையும் அதன் ஆட்களையும் கேவலமாகப் பேசிவிட்டேன். எங்கட வீட்டில அப்படிப் பேசிப் பழகிவிட்டோம். இனிப் பேசமாட்டேன்." இதில் "மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்ற கெஞ்சல் இல்லாததைக் கவனிக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் கையைப் பிடித்துக் கேட்டால் "பரவாயில்ல" என்பதைத் தவிர புண்பட்டவரால் என்ன சொல்ல முடியும்? 2016இல் ஆய்வாளர் ராய் லெவிக்கியும் சகாக்களும் மன்னிப்பின் ஆறு கூறுகளை 755 பேரிடம் சோதித்தபோது, பொறுப்பை ஏற்பது முதலிடத்திலும் மன்னிக்கும்படி வேண்டுவது கடைசியிலும் வந்தன. அவர்கள் எடுத்துக்கொண்டது கணக்காளர் ஒருவரின் பிழையை. இழிசொல் விவகாரத்தில் அந்த இடைவெளி கூடுமே தவிரக் குறையாது என்பது என் எண்ணம்.

வாசகம் மட்டும் போதாது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தொடர்புத்துறைத் தலைவராக இருந்த ஜோனதன் ஃப்ரீட்லாண்ட் கறுப்பினத்தவரை இழிக்கும் சொல்லை ஒரு கூட்டத்தில் சொன்னார். பலர் புண்பட்டதாகச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டார். சில நாட்களில், அந்தப் பிழையைச் சரிசெய்ய உதவ வந்த இரண்டு கறுப்பின ஊழியர்களிடமே மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார். பின்பு கறுப்பின ஊழியர் குழுவின் கூட்டத்தில் பேசியபோது, நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2018 ஜூனில் வேலை போனது. அவரைக் காட்டிக்கொடுத்தது மன்னிப்பின் வாசகம் அன்று, அதற்குப் பிறகு வந்த நாட்கள்.

அந்தச் சொல்லைச் சொன்ன நம் ஆசிரியையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தோட்டத்து ஆசிரியை அங்கே இல்லாத நாளாகப் பார்த்து, அதே மேசையில் வேறொருவர் அதே சொல்லை எடுக்கும்போது, இவர் தடுக்கிறாரா? அந்தப் பிள்ளையின் கொப்பியை எடுத்து வைத்து எழுத்துக் கற்றுக்கொடுக்கிறாரா?