பன்னிரண்டு மாதச் சராசரியின் பிந்திய செய்தி

மாத விற்பனை மேலும் கீழும் துள்ளினால் பன்னிரண்டு மாத நகரும் சராசரியைப் போடுங்கள், போக்குத் தெரியும் என்று சிறு விடுதிக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் மந்திரம் போல ஓதுகிறார்கள். அதில் பாதி சரி. நிலாவெளியில் மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல வியாபாரம். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் அறைகள் காலி. சாளரம் ஓராண்டாக இருந்தால் இந்தப் பருவ ஏற்றஇறக்கம் கழிந்துவிடும். மூன்று மாதச் சாளரம் அதைக் கழிக்காது. 2018இல் பயணிகள் வருகையை முடக்கிய கேடு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் இலங்கைக்கு வந்த பயணிகளின் மூன்று மாதச் சராசரி மார்ச்சில் 236,000 ஆக இருந்து யூனில் 152,000 ஆக விழுந்தது. அதைப் பார்த்துப் பதறியிருந்தால் வீண் பதற்றம்.

பருவம் கழிந்தாலும் செய்தி வந்து சேரும் நேரம் கெட்டுப்போகிறது என்பதே என் குறை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்தது 2019 ஏப்ரல் 21, நிலாவெளிப் பருவம் திறக்கும் தறுவாயில். விடுதிகளின் விற்பனைக்குப் பதிலாக நாட்டுக்கு வந்த பயணிகளின் கணக்கையே இங்கும் எடுத்துக்கொள்கிறேன். 2018 மேயில் 129,466 பேர் வந்தார்கள். 2019 மேயில் 37,802 பேர். நூற்றுக்கு எழுபத்தொன்று குறைவு. பன்னிரண்டு மாதச் சராசரியோ 196,000இலிருந்து 188,000க்கு வந்தது, வெறும் நான்கு சதவீதம். கடற்கரையே வெறிச்சோடிய மாதத்தைக் கோடு லேசான சரிவாக வரைந்தது.

அதைவிட மோசம் பின்னால் நடந்தது. யூலையில் 115,701, ஆகஸ்டில் 143,587, டிசம்பரில் 241,663 என வருகை ஏறிக்கொண்டே போனது. இடையில் செப்டெம்பரில் மட்டும் தளர்ந்தது. சராசரியோ ஒரு மாதம் தவறாமல் இறங்கி, டிசம்பரில்தான் அந்த ஆண்டின் ஆகக் குறைந்த 159,475ஐத் தொட்டது. காரணம் எளிது. ஒவ்வொரு மாதமும் புதிய எண் உள்ளே வர, முந்தைய ஆண்டின் அதே மாதம் வெளியேறும். வெளியேறுவது பெரிதாக இருக்கும் வரை கோடு விழும், வியாபாரம் மீண்டாலும் சரி. அந்த டிசம்பரில் வங்கியில் கடன் கேட்டுப் போன ஒருவரின் கையில் இந்தப் படம் இருந்திருந்தால் அது அவருக்கெதிரான சாட்சி.

இந்த எண் பொய்யல்ல, அதற்குக் கொடுத்த தேதிதான் பொய். சனவரி முதல் டிசம்பர் வரையான சராசரி யூனுக்கும் யூலைக்கும் நடுவில் வைக்கப்பட வேண்டியது. அங்கே வைத்தால் பள்ளம் ஏறக்குறைய உரிய இடத்தில் விழும். ஆனால் அதை அறிய டிசம்பர் முடியக் காத்திருக்க வேண்டும். மேயில் ஆள் குறைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கவேண்டியவருக்கு இது உதவாது. பாடம் நடத்துபவர்கள் இதைச் சொல்வதே இல்லை; கோடு வழவழப்பாக இருந்தால் அவர்களுக்குப் போதும்.

முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2019 மேயில் 71, யூனில் 57, யூலையில் 47, ஆகஸ்டில் 28, டிசம்பரில் 5 சதவீதக் குறைவு. பருவமும் கழிகிறது, மீட்சியும் அந்தந்த மாதமே தெரிகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு: 2020 ஏப்ரலில் விமான நிலையம் மூடியிருந்தது, வருகை பூச்சியம். 2021 ஏப்ரலை அதனோடு ஒப்பிட வழியில்லை. 2019 ஏப்ரலோ தாக்குதல் நடந்த மாதம். எனவே 2018க்குத்தான் திரும்பிப் போகவேண்டும்.