லைட்னர் பெட்டி: அட்டையில் என்ன கேட்கிறோம்?

செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன அட்டைப்பெட்டி முறை எளிது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். அறைகளை 1, 3, 7, 21 நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

முறையில் குறையில்லை, அட்டையில்தான் குறை. செடெனாக்கில் என் எஸ்.பி.எம். மாணவர்கள் முன்பக்கம் 'கை கழுவுதல்' என்றும் பின்பக்கம் பொருளையும் எழுதுகிறார்கள். பொருள் கேட்டால் சொல்லிடுவாங்க. சூழலைக் கொடுத்து மரபுத்தொடரைக் கேட்டால் 'கை கொடுத்தல்' என்று எழுதிடுவாங்க.

எனவே முன்பக்கம் சூழலை எழுதுங்கள்: 'வியாபாரம் நொடித்ததும் கூட்டாளிகள் மாறனை விட்டு விலகினர்.' பின்பக்கம் மரபுத்தொடர். வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்பணும். திருப்பிப் பார்த்துட்டு "தெரியுமே" என்று நகர்த்தினால், அட்டை மட்டும்தான் கடைசி அறைக்குப் போகும்.