சிதறாத ஜெல்லியின் விலை

கணினி விளையாட்டில் ஜெல்லிக் கட்டி ஒன்றை ஆட வைக்க எளிய வழி, அதைப் புள்ளிகளாகப் பிரித்து அண்டைப் புள்ளிகளை ஸ்பிரிங்குகளால் கோப்பதுதான். ஒரே மாலையில் எழுதிவிடலாம். ஜெல்லியைச் சற்று விறைப்பாக்கும்போதுதான் தொல்லை தொடங்கும். 10 கிராம் புள்ளிகளை, மீட்டருக்கு 1000 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்குகளால் ஒரே வரிசையாகக் கோத்ததாக வைத்துக்கொள்வோம். முதலில் வேகத்தையும், அந்தப் புது வேகத்தைக் கொண்டு இடத்தையும் கணக்கிடும் வழக்கமான முறையில், ஒவ்வொரு நேரத்தாவலும் 3 மில்லிவினாடியைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். வழக்கமான திரையோ 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை மாறுகிறது. ஆகவே ஒரு திரைமாற்றத்துக்கு ஆறு தடவை கணக்கிட வேண்டும். மீறினால், அடுத்தடுத்த புள்ளிகள் எதிரெதிர்த் திசையில் துடித்து, ஒவ்வொரு தாவலுக்கும் துடிப்பு பெருகி, கட்டி முள்ளம்பன்றியாகிச் சிதறும்.

2005-இல் மத்தியாஸ் முல்லரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட வடிவப் பொருத்த முறை ஸ்பிரிங்குகளையே கைவிட்டது. கட்டியின் மூல வடிவத்தைச் சுழற்றி நகர்த்தி, இப்போதைய புள்ளிகளோடு இயன்றவரை பொருத்துகிறது. அதிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இலக்கு கிடைக்கிறது.

```
v += alpha * (g - x) / h
```

`g` இலக்கு, `h` நேரத்தாவல். `alpha` 1-ஐத் தாண்டாதவரை இந்த இழுப்பு புள்ளியை இலக்குக்கு அப்பால் தள்ளாது. அதனால் தாவல் எவ்வளவு பெரிதானாலும் கட்டி சிதறாது. ஸ்பிரிங் கட்டி உட்புறம் வெளியாகக் கவிழ்ந்துவிட்டால், நீளங்கள் சரியாகவே இருப்பதால் அப்படியே தங்கிவிடக்கூடும். இங்கே மூல வடிவம் அதைத் திரும்ப இழுத்துவிடும். உண்மையான ஆதாயம்தான்.

ஆனால் `alpha` ஜெல்லியின் குணம் அன்று. அதை 0.1 என்று வைத்தால், வினாடிக்கு 60 தாவலில் கட்டி வினாடிக்கு ஏறத்தாழ மூன்று தடவை ஆடும். மெதுவான கைப்பேசியில் 30 தாவலானால் ஒன்றரைத் தடவைதான். சிதறலாவது கண்ணில் படும். இந்தத் தவறு சோதனையில் சத்தமில்லாமல் தப்பிவிடும். `alpha`-வை `h`-இன் வர்க்கத்துக்கு ஏற்ப மாற்றினால், அதாவது 30 தாவலுக்கு 0.4 என்றால், ஆட்டம் ஏறக்குறைய ஒன்றாகும். பலர் இதைச் செய்வதில்லை.

இன்னொரு குறை: கட்டி முழுவதும் ஒரே வடிவமாகப் பொருத்தப்படுவதால், ஒரு மூலையை விரலால் அழுத்தினால் மறுமூலையும் அசையும், நீண்ட புழு போன்ற ஜெல்லி இயல்பாக வளையாது. 2007-இல் ரிவர்ஸும் ஜேம்ஸும் இதற்காகக் கட்டியைக் கனசதுரக் கட்டங்களாக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதிகளாகப் பொருத்தினார்கள். வளைவு வந்தது. ஆனால் பகுதி அகலமானால் ஜெல்லி விறைக்கிறது, கட்டத்தைச் சிறிதாக்கினால் தளர்கிறது. கட்டத்தின் அளவைத் தொட்டால் `alpha`-வையும் மறுபடி சரிசெய்தாக வேண்டும்.