பதினாறு படிகள்

ஆர்டுயினோ ஊனோவின் 8 முதல் 11 வரையான நான்கு பின்களில் ஓர் ஏணி மின்தடைச் சுற்றை மாட்டிவிட்டு, நிரலில் `PORTB = n;` என்று 0 முதல் 15 வரை எண்ணினால், ஆசிலாஸ்கோப்பில் ஒரு மாடிப்படி எழும். 5 வோல்ட்டைப் பதினாறாகப் பங்கிட்டால் ஒரு படிக்கு 0.3125 வோல்ட். இந்த ஏணியின் அழகு, இரண்டே மதிப்புகள் போதும் என்பது: 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம். 20 கிடைக்காவிட்டால் இரண்டு பத்துகளைத் தொடராக இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கணுவும் தனக்குப் பின்னிருந்து வருவதைச் சரிபாதியாக்கி முன்னே அனுப்புகிறது. அதனால்தான் பின்களின் பங்கு 8, 4, 2, 1 என்று இறங்குகிறது.

மலிவான சிப் இதைவிடத் துல்லியமாகச் செய்யுமே என்று கேட்கலாம். செய்யும், ஆனால் பிழை எங்கே என்று இப்படிக் காட்டாது. 7இலிருந்து 8க்கு ஏறும் இடத்தைப் பாருங்கள்: மூன்று பின்கள் அணைந்து, ஒரே பின் எரிகிறது. அந்தப் பின்னின் 20 கிலோ ஓம் 21ஆக இருந்தால், அந்தப் படி மட்டும் ஏறத்தாழ 0.2 வோல்ட்டாகக் குட்டையாகிவிடும். அங்கேயே ஊசிபோல ஒரு துள்ளல் தெரிந்தால், குற்றம் மின்தடையில் இல்லை. நான்கு பின்களையும் ஒரே கட்டளையில் மாற்றாமல் `digitalWrite` கொண்டு ஒவ்வொன்றாக மாற்றியிருப்பீர்கள். படி வழவழப்பாக இல்லை என்பது குறையன்று. வழவழப்பாக்கினால் இந்தச் சாட்சியம் மறைந்துபோகும். வடிகட்டியைக் கடைசியில் மாட்டுங்கள்.