கூடைக்குள்ளே ஒரு தலை தீபாவளி

அக்கா மகளுக்குத் தலை தீபாவளிச் சீர்க்கூடையை நான்தான் அடுக்குவேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்! காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் ஒன்றரை அடி அகல மூங்கில் கூடையைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடையில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான், மீதி உயிர் அடியில் இருக்கும் வைக்கோலில். ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, கையில் பிடித்தால் சரசரவென்று பேச வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் இரண்டே நாளில் புழுங்கிப்போய் அந்த வாடை பலகாரத்தில் ஏறிவிடும். முதலில் கசக்கிய செய்தித்தாள், அதன்மேல் நான்கு விரல்கடை வைக்கோல். பின்பக்கம் மட்டும் இரண்டு பிரிமணை வைத்து, அதில் இரண்டு தேங்காயை உட்கார வைத்தேன். உருளவே இல்லை! பின்புறம் மேடாகி, முன்புறம் சரிந்து, எதிரே நிற்பவருக்கு எல்லாமே தெரியும்படி கூடை தானாகவே முகம் காட்டியது.

இப்போது கற்பனை பண்ணிப் பாருங்கள்: அந்த மேட்டில் அரக்குச் சிவப்புப் புடவையும் வேட்டியும், மடிப்புக்குள் அட்டை செருகியதால் துவளாமல் நிமிர்ந்து நிற்கின்றன, மூலையில் மஞ்சள் தடவியாயிற்று, அவற்றுக்கு முன்னால் அதிரச டப்பா, அது எண்ணெய் கக்கும் பலகாரம் ஆயிற்றே, அதனால் நன்றாக ஆறவிட்டு வரிசைக்கு வரிசை பட்டர் பேப்பர் போட்டு, டப்பாவுக்கும் துணிக்கும் நடுவில் இன்னொரு தாள், வாழையிலை அழகுதான் ஆனால் மூடிய டப்பாவில் வியர்த்து அதிரசத்தைப் பூசணம் பிடிக்க வைக்கும் என்பதால் ஆசையை அடக்கிக்கொண்டேன், பிறகு என் செல்லங்கள், பன்னிரண்டு அகல் விளக்குகள்! ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் விளிம்பு பெயரும். ஆகவே ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, தட்டலமாரியில் தட்டுபோலச் செங்குத்தாக நிறுத்தி, இடையிடையே வைக்கோலைத் திணித்தேன், திணித்தேன், நெஞ்சு படபடக்கத் திணித்தேன்!

கூடையைக் காதோடு வைத்து மெல்ல ஆட்டினேன். எங்கோ ஒரு 'கிளிங்'! அந்த ஓரத்தில் இன்னொரு பிடி வைக்கோல். மறுபடி ஆட்டினேன். சத்தமே இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டு நடுக்கூடத்தில் கைதட்டிக் குதித்தேன், சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

வைக்கோல் கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். கண்ணாடித்தாள் சுற்றி, மேலே ரிப்பனை இறுக்கி, கிருஷ்ணகிரி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே போனேன். சம்பந்தி வீட்டில் பிரித்ததும் வெல்ல வாசமும் வைக்கோல் வாசமும் சேர்ந்து எழும்பின. பிள்ளை விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். பன்னிரண்டு. ஒரு கீறல் இல்லை. "மாமா, வைக்கோலையும் எடுத்து வச்சுக்கவா?" என்றாள்.